பாட்டிலுக்குள் காணாமல் போகும் கிரியேட்டின்

எங்கள் தெரு ஜிம்முக்கு வரும் தம்பி ஒருவன் ஒரு நாள் தன் ஷேக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். அடியில் மாவு மணல் போல வெள்ளையாகப் படிந்து கிடந்தது. "பாருங்கண்ணா, எவ்வளவு குலுக்கினாலும் கரைய மாட்டேங்குது. மட்டமான சரக்கா இருக்குமோ? பேசாம கலந்தே பாட்டில்ல வர்றத வாங்கிரலாமா? அது கண்ணாடி மாதிரி இருக்கு" என்றான்.

அடியில் மணலாகக் கிடப்பதுதான் நல்ல கிரியேட்டின், கண்ணாடி மாதிரி தெளிந்த பாட்டிலைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. கரைந்தால் நல்லது, கரையாவிட்டால் கலப்படம் என்றுதான் நாம் சர்க்கரையிலிருந்து உப்பு வரை பழகியிருக்கிறோம். கிரியேட்டின் விஷயத்தில் இது ஏன் தலைகீழாகிறது என்பதற்கு அந்த மூலக்கூறு தண்ணீரில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிரியேட்டின், கிரியாட்டினின். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதால் குழப்பம் சகஜம். முதலாவதை 1832ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். மாமிசத்துக்கான கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயரானது. தசைக்குள் திடீர் வேகத்துக்கான சக்தியைச் சேமித்துக் கொடுப்பது இதுதான். பளு தூக்குபவர்கள் டப்பா டப்பாவாக வாங்குவதும் இதைத்தான். இரண்டாவது, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகத்துக்கு நேரே எழுதியிருக்குமே, அந்தக் கிரியாட்டினின். அது தசைக்கு எந்த வேலையும் செய்யாது. உடலுக்கு அது கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு. கிரியேட்டினை ஒரு சிறிய சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நைட்ரஜன் கூட்டம், மறு முனையில் அமிலத் தொகுதி. தண்ணீரில் மிதக்கும்போது இந்தச் சங்கிலி சும்மா இருக்காது, வளைந்து நெளிந்துகொண்டே இருக்கும். தேள் கொடுக்கை வளைத்துத் தன் தலையையே தொடுவது போல, நைட்ரஜன் முனை எப்போதாவது அமில முனையைத் தொடும். சரியான நிலையில் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியேறும், சங்கிலி ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாக மூடிக்கொள்ளும். அந்த வளையம்தான் கிரியாட்டினின். இதற்கு நொதி வேண்டாம், கிருமி வேண்டாம், காற்று வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். அதனால் பாட்டிலை எவ்வளவு இறுக்கமாக மூடி சீல் வைத்தாலும் இது நிற்காது. பால் கெடுவதைப் போலவோ எண்ணெய் சிக்கு அடிப்பதைப் போலவோ வெளியிலிருந்து ஏதோ வந்து கெடுப்பதல்ல இது. மூலக்கூறு தன்னைத்தானே மூடிக்கொள்கிறது.

பொடியில் இது ஏன் நடப்பதில்லை? படிகத்துக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளோடு இறுக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. வளைய இடமில்லை. கிரியேட்டின் பற்றி ரால்ஃப் யேகரும் சக ஆய்வாளர்களும் 2011ல் எழுதிய திறனாய்வுக் கட்டுரையில் ஒரு தகவல் உண்டு. 40 டிகிரி வெப்பத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பொடியிலும் சிதைவுக்கான அடையாளம் இல்லை. நம் ஊர் வெயிலில் ஒரு டப்பா பொடி அலமாரியில் கிடப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஈரம் மட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதே கட்டுரையில் கரைசலைப் பற்றிய எண்களும் இருக்கின்றன. 25 டிகிரியில் மூன்று நாள் வைத்ததில், பி.எச். 5.5 இருந்த கரைசலில் 4 சதவீதம் கிரியேட்டின் போயிருந்தது. 4.5ல் 12 சதவீதம். 3.5ல் 21 சதவீதம். நடுநிலைக்குப் பக்கத்தில், அதாவது 6.5லும் 7.5லும், அந்த மூன்று நாளில் அளக்கத்தக்க இழப்பு இல்லை. பி.எச். குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீர் 7க்குப் பக்கம், பால் 6.6 அல்லது 6.7, புளித்த மோர் சுமாராக 4.5, கடையில் விற்கும் விளையாட்டு பானங்கள் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் நடுவே.

21 சதவீதம் என்றால் பரவாயில்லையே, 79 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது மூன்று நாள் கணக்கு. பாட்டில் பானம் ஆலையில் நிரப்பப்பட்டு, கிடங்கில் இருந்து, லாரியில் ஏறி, கடை அலமாரிக்கு வந்து, நம் கைக்கு வருவதற்குள் மூன்று மாதம் சாதாரணமாக ஓடிவிடும். இந்தச் சிதைவில் மிச்சமிருப்பதில் இத்தனை பங்கு என்றுதான் போகும், வட்டிக்கு வட்டி மாதிரி, ஆனால் இறங்குமுகமாக.

ஒரு பாட்டிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மில்லி எலுமிச்சை சுவை பானம், பி.எச். 3.5, ஆலையில் சரியாக 5 கிராம் கிரியேட்டின் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கு 25 டிகிரியில் இருக்கிறது, அதுவே நம் ஊருக்குத் தாராளமான சலுகை. மூன்று நாள் கழித்து 5 கிராமில் 79 சதவீதம், அதாவது 3.95 கிராம். ஆறாம் நாள் அதில் 79 சதவீதம், 3.12. இப்படியே பத்து முறை பெருக்கினால் முப்பதாவது நாள் வரும். அப்போது மிச்சம் அரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லேபிளில் 5 கிராம் என்றுதான் இருக்கும். அச்சடித்தபோது அது பொய்யும் அல்ல.

அதே பானத்தை பி.எச். 4.5ல் செய்திருந்தால் ஒரு மாதத்தில் 28 சதவீதம் மிஞ்சும். 5.5ல் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், மூன்று மாதம் ஆனால் அதுவும் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மூன்று நாள் அளவை மாதக் கணக்குக்கு நீட்டிப் போட்ட கணக்கு இது. உண்மையான பானத்தில் சர்க்கரையும் உப்பும் கூட இருப்பதால் எண் கொஞ்சம் முன்னே பின்னே போகும், திசை மாறாது. வெப்பம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த மாதிரி வினைகள் பத்து டிகிரி கூடினால் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வேகம் எடுக்கும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் இருந்த பாட்டிலுக்கு ஒரு மாதமே அதிகம்.

அதிகமாகப் போட்டு அனுப்பினால் என்ன? வைட்டமின் மாத்திரைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். காலாவதி நாள் வரை லேபிள் அளவு நிற்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். இங்கே அது நடக்காது. மேலே சொன்ன பாட்டிலில் ஒரு மாதம் கழித்து 5 கிராம் இருக்க வேண்டுமானால் ஆரம்பத்தில் 50 கிராமுக்கு மேல் கரைத்திருக்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் கிரியேட்டின் கரைவதோ லிட்டருக்கு 14 கிராம்தான். அரை லிட்டரில் 7 கிராமோடு சரி. அதற்கு மேல் போட்டால் அடியில் மணலாக உட்கார்ந்துவிடும்.

அப்படியென்றால் புளிப்பை எடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் பானம் செய்பவர்கள் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

பாட்டில் பானத்தில் புளிப்பு வெறும் ருசிக்காக இல்லை. அதுதான் காவல்காரன். பி.எச். 4.6க்குக் கீழே போனால், டப்பா உணவில் எல்லோரும் பயப்படும் பாட்டுலிசம் கிருமி வளராது. அதனால் புளிப்பான பானத்தை 90 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, சூட்டோடு பாட்டிலில் நிரப்பி மூடினால் போதும், மாதக்கணக்கில் வெளியில் வைக்கலாம். சோடியம் பென்சோயேட் போன்ற பதப்படுத்திகளும் புளிப்பில்தான் வேலை செய்யும், நடுநிலைக்குப் பக்கத்தில் அவை பெயருக்குத்தான். புளிப்பை எடுத்துவிட்டால் பாலுக்குச் செய்வது போல 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் காய்ச்ச வேண்டும், அல்லது டப்பாவோடு சேர்த்து 121 டிகிரி நீராவியில் வேகவைக்க வேண்டும். செலவும் ஏறும். புளிப்பில்லாத ஆரஞ்சு பானத்தை யார் குடிப்பார்கள் என்ற கேள்வி வேறு. ஆக, பானத்தைக் கெடாமல் காப்பாற்றுகிற அதே சிட்ரிக் அமிலம்தான் உள்ளே இருக்கும் கிரியேட்டினைத் தின்கிறது. இரண்டையும் ஒரே பாட்டிலில் மாதக்கணக்கில் குடித்தனம் வைக்க முடியாது.

புளிப்பு ஏன் வேகப்படுத்துகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுநிலையில் கிரியேட்டினின் அமில முனை ஒரு ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அந்த நிலையில் நைட்ரஜன் முனை வந்து தொட்டாலும் எளிதில் ஒட்ட விடாது. புளிப்பு கூடும்போது அமில முனைக்கு அந்த ஹைட்ரஜன் திரும்பக் கிடைக்கிறது, எதிர்ப்பு தளர்கிறது, வளையம் மூடுவது சுலபமாகிறது. இன்னொன்று, நடுநிலையிலும் காரத்திலும் கிரியாட்டினின் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிரியேட்டினாக மாறவும் செய்யும், இரண்டும் ஒரு சமநிலையில் நிற்கும். புளிப்பில் கிரியாட்டினின் தானும் ஒரு ஹைட்ரஜனை வாங்கி வைத்துக்கொண்டு நிலைத்துவிடுவதால் திரும்பி வரும் பாதை ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. 1920களிலேயே வேதியியலாளர்கள் இந்தச் சமநிலையை அளந்து எழுதிவிட்டார்கள். கலந்த பானங்கள் சந்தைக்கு வந்தபோது இது புதிய கண்டுபிடிப்பு அல்ல.

சரி, பால் சேர்த்த புரோட்டீன் பானங்களில் கலந்தால்? பி.எச். 6.7தானே, மூன்று நாளில் இழப்பே இல்லையே என்று கேட்கலாம். மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு மூன்று மாதத்தில் தெரியாமல் போகாது. இதற்கு ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை, நம் தசையே ஒரு பாட்டில்தான். உள்ளே பி.எச். 7, வெப்பம் 37 டிகிரி, கரைந்த நிலையில் கிரியேட்டின். எழுபது கிலோ ஆளின் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும். அதில் தினமும் இரண்டு கிராம் போல, தானாகவே, எந்த நொதியும் இல்லாமல் கிரியாட்டினினாக மாறிச் சிறுநீரில் போகிறது. இந்த ஒழுக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது என்பதால்தான் மருத்துவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினினை அளந்து சிறுநீரகத்தின் வேலையை மதிப்பிடுகிறார்கள். சரியாக வடிகட்டினால் அளவு கட்டுக்குள் இருக்கும், வடிகட்டல் தளர்ந்தால் ஏறும்.

அந்த இரண்டு கிராமில், பாஸ்பேட் ஒட்டிய கிரியேட்டின் வேகமாகவும் வெறும் கிரியேட்டின் மெதுவாகவும் போகிறது. வெறும் கிரியேட்டினுக்கு நாளுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதே வேகத்தில் 37 டிகிரி கிடங்கில் இருக்கும் நடுநிலைப் பானம் ஒரு மாதத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும். குளிர்ந்த கடையில், 25 டிகிரியில், வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் ஆறு மாதத்தில் பாதிக்குப் பக்கம் போய்விடும். நடுநிலை என்பது தாமதம், தீர்வு அல்ல. நமக்கு ஒரு வசதி, உடம்பு தினமும் கல்லீரலிலும் சாப்பாட்டிலிருந்தும் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறது. பாட்டிலுக்கு அந்த வசதி இல்லை.

இதையெல்லாம் சந்தை சோதித்துப் பார்க்காமல் இல்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அமெரிக்காவில் "சீரம்" என்ற பெயரில் ஒரு வகை விற்றது. சொட்டு மருந்துக் குப்பி போன்ற ஒன்று, நாக்கடியில் 5 மில்லி விட்டுக்கொண்டால் 2.5 கிராம் கிரியேட்டின் கிடைக்கும் என்றது விளம்பரம். கரைதிறன் தெரிந்தவருக்கு இது படித்தவுடனே இடிக்கும். 5 மில்லியில் 2.5 கிராம் என்றால் லிட்டருக்கு 500 கிராம். சாதாரணத் தண்ணீர் வாங்குவது 14. கிரியேட்டின் சாப்பிட்டால் தசைக்குள் அதன் அளவு ஏறும் என்று 1992ல் தசைத் துண்டுகளை எடுத்து அளந்து காட்டிய ரோஜர் ஹாரிஸே, 2004ல் சக ஆய்வாளர்களோடு அந்தக் குப்பியைத் திறந்து அளந்தார். 2.5 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் கிரியேட்டின் 10 மில்லிகிராமுக்கும் குறைவு, அதைவிடக் கிரியாட்டினின்தான் அதிகம். குடித்தவர்களின் ரத்தத்திலும் கிரியேட்டின் அளவு ஏறவில்லை. அதே ஆட்கள் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தபோது நன்றாக ஏறியது. அந்தக் குப்பிக்குள் எவ்வளவு சிதைந்து போனது, எவ்வளவு ஆரம்பத்திலிருந்தே இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் வந்தது வேறு மாதிரியான முயற்சி. கிரியேட்டினை அப்படியே போட்டால் சிதைகிறதா, சரி, அதன் அமில முனையை லூசின் என்ற அமினோ அமிலத்தோடு கட்டிவிடுவோம், அப்போது தண்ணீரில் நிற்கும் என்று பேங் எனர்ஜி பானம் "சூப்பர் கிரியேட்டின்" என்று விளம்பரப்படுத்தியது. முனையைக் கட்டிவிட்டால் தண்ணீரில் நிற்கலாம்தான். ஆனால் அந்தக் கட்டை உடம்பு அவிழ்த்துக் கிரியேட்டினாகத் தருகிறதா என்பதுதான் கேள்வி. போட்டி நிறுவனமான மான்ஸ்டர் வழக்குத் தொடர்ந்தது. 2022 செப்டம்பரில் கலிபோர்னியாவில் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி அந்த விளம்பரம் பொய் என்று சொல்லி ஏறத்தாழ 29.3 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. வேதியியல் வகுப்பில் சொன்னால் யாரும் கவனிக்காத விஷயத்துக்கு இவ்வளவு விலை.

இந்த இடத்தில் ஜிம்மில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். "புளிப்பு கிரியேட்டினைச் சிதைக்கும் என்றால் வயிற்று அமிலமும் சிதைக்குமே? அதனால்தான் காரம் சேர்த்த விலை கூடிய வகையை வாங்கணும்" என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் புளிப்பு ஏற ஏறச் சிதைவு ஏறிக்கொண்டே போவதில்லை. பி.எச். 2.5க்குக் கீழே போனதும் வேகம் மறுபடி குறைகிறது. புளிப்பு அந்த அளவு கடுமையானால் மூலக்கூறின் தாக்கும் முனையும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டு கட்டுண்டுவிடும், வளைய முடிந்தாலும் ஒட்ட முடியாது. வெறும் வயிற்றின் பி.எச். 1க்கும் 2க்கும் நடுவில். அதோடு கிரியேட்டின் அங்கே தங்குவது மணிக்கணக்கில்தான், மாதக்கணக்கில் அல்ல. மேலே பார்த்த மோசமான நிலையிலேயே, பி.எச். 3.5ல், 25 டிகிரியில், எட்டு மணி நேரத்துக்கு இழப்பு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. வயிற்றின் கடுமையான அமிலத்தைவிட ஆலை பாட்டிலின் மிதமான புளிப்புதான் கிரியேட்டினுக்கு எதிரி என்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அந்த எட்டு மணி நேரக் கணக்கு வீட்டில் கலப்பவர்களுக்கும் உதவும். காலையில் பச்சைத் தண்ணீரில் கலந்து பையில் போட்டுக்கொண்டு போய்ச் சாயங்காலம் குடிப்பதில் இழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சை பிழிந்தோ மோரிலோ கலந்தால் உடனே குடித்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் பகல் முழுக்க விட்டால் சில சதவீதம் போகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு ஜூஸில் வாரத்துக்கும் சேர்த்துக் கலந்து வைப்பதுதான் நஷ்டம். வெந்நீரிலோ காபியிலோ கலப்பதும் தப்பில்லை, 50 டிகிரியில் லிட்டருக்கு 34 கிராம் வரை கரையும், குடிக்கிற நேரத்துக்குள் ஒன்றும் ஆகாது.

ஃபிரிட்ஜில் வைத்தால் சிதைவு நன்றாகவே தளரும். ஆனால் இன்னொன்று நடக்கும். 4 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 6 கிராமைத்தான் தாங்கும். அரை லிட்டரில் 5 கிராம் போட்டிருந்தால் 3 கிராம் கரைந்திருக்கும், மீதி 2 கிராம் வெண்மணலாக அடியில் இறங்கும். கெட்டுப்போய்த் திரிந்துவிட்டது என்று அதைக் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டுவது சரக்கைத்தான். அந்த மணல் படிகம், படிகத்துக்குள் மூலக்கூறு வளையாது என்று முன்பே பார்த்தோம். சிதைவது கரைந்திருக்கும் பங்கு மட்டும்தான். கெட்டியான ஜெல்லாகச் செய்து, பெரும்பகுதியைக் கரைய விடாமல் துகளாகவே மிதக்க வைத்து விற்பவர்கள் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். அதிலும் கரைந்த பங்கு சிதையச் சிதையத் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அந்த இடத்தை நிரப்பும், அதனால் ஒழுக்கு நிற்காது, மெதுவாகும். மூடிக்குள் பொடியைத் தனியே வைத்து, திருகினால் தண்ணீரில் விழுகிற மாதிரி வரும் பாட்டில்கள்தான் இருப்பதற்குள் நேர்மையானவை. அதாவது, கலக்காமலே விற்பவை.

பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? நிறம் மாறாது, வாடை வராது, வாயு கட்டி உப்பாது. ருசியிலும் சாதாரண நாக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆய்வகத்தில் கண்டுபிடிக்கலாம். கிரியாட்டினினோடு பிக்ரிக் அமிலத்தையும் காரத்தையும் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும் என்று 1886ல் யாஃபே சொன்ன வழியை ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. பானத்தில் கிரியேட்டின் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகை என்னும் கருவியில் ஓட்ட வேண்டும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், வீட்டில் முயல வேண்டாம்.

வீட்டில் இருப்பவருக்கு ஒரு குறிப்பு மட்டும் உண்டு, அதுவும் முழு சாட்சி அல்ல. கிரியாட்டினின் தண்ணீரில் கிரியேட்டினைவிட ஐந்தாறு மடங்கு நன்றாகக் கரையும். அதனால் வாங்கியபோது கலங்கலாக, அடியில் துகளோடு இருந்த பானம் நாளாக நாளாகத் தெளிந்து கண்ணாடியானால், துகள் நன்றாகக் கரைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். கரைந்ததோடு நிற்காமல் மாறியும் இருக்கலாம். குறிப்பாக ஒரு சிறு பாட்டிலில் ஐந்து கிராம், பத்து கிராம் என்று எழுதி, ஃபிரிட்ஜில் வைத்தும் ஒரு துகள்கூட இறங்கவில்லை என்றால், லேபிளில் உள்ள அளவையும் பாட்டிலின் அளவையும் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 6 கிராமைத் தாண்டினால் ஏதோ ஒன்று இறங்கியே ஆக வேண்டும்.

சிதைந்த பானத்தைக் குடித்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்ற பயம் தேவையில்லை. 5 கிராம் பொடி முழுதும் மாறினாலும் 3.8 கிராம் கிரியாட்டினின்தான், மீதி எடை தண்ணீராகக் கழன்றது. ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். கறியை நீண்ட நேரம் வேகவைத்தாலும் இதேதான் நடக்கிறது, இறைச்சியின் கிரியேட்டினில் ஒரு பங்கு சட்டியிலேயே கிரியாட்டினினாகிவிடும். வேகவைத்த கறி சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும் என்பது 1970களிலேயே அளந்து பார்த்த செய்தி. தொல்லை வருவது பரிசோதனைச் சீட்டில். பழைய கிரியேட்டின் பானத்தைக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் ரத்தம் கொடுத்தால் எண் ஏறிக் காட்டி, சிறுநீரகம் சரியில்லையோ என்று வீட்டில் எல்லோரையும் கலக்கிவிடலாம். பொடியாகக் குடிப்பவருக்கும் எண் கொஞ்சம் ஏறலாம். ரத்தம் கொடுக்கும் முன் என்ன குடிக்கிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுவது வீண் அலைச்சலைக் குறைக்கும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர் இதையெல்லாம் கேட்காமல் தொடவே கூடாது, அது தனிக் கதை.

அந்தத் தம்பி கடைசியில் பொடியோடுதான் நின்றான். என் வேதியியலை நம்பியதால் அல்ல, பாட்டிலின் விலையைக் கேட்டதால். இப்போது ஷேக்கரைக் குடித்து முடித்ததும் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு சுற்று சுழற்றி, அந்த மணலையும் குடித்துவிடுகிறான்.